எழுபத்தெட்டு நாள் கணக்கு

இதய ரத்தக்குழாயில் பொருத்தப்படும் ஸ்டென்ட் ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் வருகிறது. பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். பொருத்தி முடித்ததும் பெட்டி குப்பைக்குப் போய்விடும். ஸ்டிக்கரை நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பது வழக்கம். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் அதன் நகலைக் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றுவதில்லை. சில மாதங்கள் கழித்து, ‘ஸ்டென்ட் விவரம் இல்லை’ என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதப்பட்டு விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் அந்தச் சிறு துண்டின் மதிப்பு தெரிகிறது.

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் செலவுத் தொகையைத் திரும்பப் பெற முயன்றவர்களுக்கு இது போன்ற துண்டுக் காகிதங்களின் அருமை புரியும். கையில் கார்டு இருந்தால் சிகிச்சை கிடைத்துவிடும் என்ற நினைப்பு தொழிலாளர் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. அந்த நினைப்பு பாதிதான் சரி. கார்டு ஓர் அடையாளம் மட்டுமே. உரிமையைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை நாள்களுக்குச் சந்தா கட்டப்பட்டது என்பதும், சிகிச்சை எந்த வாசல் வழியாகத் தொடங்கியது என்பதும். நெல்லை நம்பி ஓடும் ஊரில் இந்த இரண்டுமே கொஞ்சம் சிக்கலானவை.

பாபநாசம் அப்படிப்பட்ட ஊர். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். இன்று நெல் களஞ்சியத்துக்குப் போவதில்லை. கொள்முதல் நிலையத்துக்கும் ரைஸ்மில்லுக்கும் போகிறது. ஆலைகளில் நெல் அவிப்பவர், பாய்லர் பார்ப்பவர், உலர்களத்தில் துழாவுபவர், மூட்டை சுமப்பவர் என்று பலவகை ஆட்கள் வேலை செய்கிறார்கள். பாய்லர்காரர் ஆலைப் பதிவேட்டில் இருப்பார். மூட்டை சுமப்பவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். முதல் வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் நிறைவேறியது. அதற்கு அடித்தளம் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் காலெடுத்து வைத்தது. பஞ்சாலைகளையும் பட்டறைகளையும் மனத்தில் வைத்து வரையப்பட்ட திட்டம் என்பது அதன் நாள் கணக்கில் தெரியும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வேலை ஓடும் ஆலைக்குப் பொருந்திய கணக்கு அது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் திட்டத்துக்குள் வருகிறார். மாற்றுத்திறனாளிக்கு இந்த வரம்பு 25,000. சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடம் பிடித்தமாகிறது. முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். 2019 ஜூலை முதல் இந்த விகிதம்தான். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதப் பிடித்தம் 113 ரூபாய், முதலாளியின் பங்கு 488 ரூபாய். இரண்டையும் சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிகிறது என்பதால் பணம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். உமங் செயலியில் ஈ.எஸ்.ஐ. பகுதிக்குள் போய்ப் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று காட்டும்.

சிகிச்சையில் என்னென்ன அடக்கம் என்று கேட்டால் பதில் நீளமானது, ஆனால் எளிதானது. காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவதில் தொடங்கி, பரிசோதனைகள், உள்நோயாளிச் சிகிச்சை, பிரசவம், டயாலிசிஸ், புற்றுநோய்க்குக் கீமோ, இதய அறுவை, செயற்கைக் கை கால் வரை எல்லாம் உண்டு. செலவுக்கு உச்சவரம்பு கிடையாது என்பது ஈ.எஸ்.ஐ. கழகத்தின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எல்லை போட்டு நிற்கும் தனியார் பாலிசிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சை போன்ற சில வெளியே நிற்கின்றன. தொழிலாளியோடு மனைவி அல்லது கணவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள், சொந்த வருமானம் மிகக் குறைவாக உள்ள பெற்றோர் ஆகியோரும் கார்டில் இடம்பெறலாம். இடம்பெறலாம் என்பதுதான் சொல். பெயர் சேர்க்காவிட்டால் இடமில்லை. கல்யாணத்துக்கு முன்பு வேலையில் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பின் கார்டைத் திறந்தே பார்க்காதவர்கள் பலர். மனைவிக்குப் பிரசவ வலி வந்த ராத்திரியில் அந்த விடுபடல் தெரிகிறது.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவ உதவி உண்டு. ஆனால் இதய அறுவை, புற்றுநோய் போன்ற உயர் சிறப்புச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலம் வைத்திருக்கிறார்கள். முன்பு இரண்டு ஆண்டு என்று இருந்ததை 2018இல் தளர்த்தினார்கள். இப்போது தொழிலாளிக்கு ஆறு மாத வேலையும் 78 நாள் சந்தாவும் போதும். குடும்பத்தாருக்கு ஓர் ஆண்டும் 156 நாளும் வேண்டும். இந்த 78 என்ற எண் ஈ.எஸ்.ஐ. முழுக்க வந்துகொண்டே இருக்கும். நோய்க்கால ஊதியத்துக்கும் அதுவே வாசல். வேலையை விட்ட பிறகு எதுவரை சிகிச்சை தொடரும் என்பதையும் அதுவே சொல்கிறது.

கணக்கு இப்படிப் போகும். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தாக் காலம். அதற்குரிய பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு சந்தாக் காலம். அதற்குப் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா சேர்ந்திருந்தால் அதற்குரிய பலன் காலத்தில் உடல்நலமின்றி வீட்டில் இருக்கும் நாள்களுக்கு 70 சதவீத ஊதியம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள் வரை கிடைக்கும். அதே 78 நாளை முடித்தவர் இடையில் வேலையை விட்டாலும் அந்தப் பலன் காலம் முடியும் வரை மருத்துவ உதவி தொடரும்.

காவிரி டெல்டாவின் நாட்காட்டியை இதன் மேல் வைத்துப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். குறுவை நெல் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் களத்துக்கு வருகிறது. சம்பாவும் தாளடியும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை குவிகின்றன. ஆகவே அக்டோபர்–மார்ச் சந்தாக் காலத்தில் ஆலை மும்முரமாக ஓடும். 78 நாள் சுலபமாகச் சேரும். ஏப்ரல்–செப்டம்பர் காலத்தில் இருப்பு நெல் முடிந்ததும் சில ஆலைகளில் வேலை மெலியும். நிரந்தர ஆட்களுக்குக் கவலையில்லை. சீசனுக்கு வரும் ஆளுக்கு ஆறு மாதத்தில் அறுபது நாள்கூடத் தேறாமல் போகலாம். அந்தக் குறைவின் விளைவு அப்போது தெரியாது, அடுத்த ஜனவரியில் தெரியும். சம்பா மூட்டை மலைபோல் வந்து குவிந்து, அவர் முதுகு ஒடிய உழைத்துக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் அவருக்கு நோய்க்கால ஊதியம் இல்லை.

ரைஸ்மில் ‘பருவகாலத் தொழிற்சாலை’யாயிற்றே, அதற்கு ஈ.எஸ்.ஐ.யே கிடையாது என்று சிலர் சொல்வதுண்டு. சட்டம் பருவகாலத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் 1948 சட்டம் எவை பருவகாலத் தொழில் என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. பருத்தி அரைத்தல், நிலக்கடலை உரித்தல், தேயிலை, காப்பி, சர்க்கரை, வெல்லம் என்று போகும் அந்தப் பட்டியலில் நெல் அரவை இல்லை. கரும்பாலைக்குப் பொருந்தும் விலக்கை ரைஸ்மில்லுக்கு நீட்டிப் பேசுவது வெறும் வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும் என்ற எல்லையும் பருவகால விலக்கும் இருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்கள்கூட முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒத்துக்கொண்டால் விரும்பிச் சேரலாம்.

இனி சிகிச்சை எந்த வாசலில் தொடங்குகிறது என்ற விஷயம். ஒழுங்கான வழி டிஸ்பென்சரியிலிருந்து தொடங்கும். அங்குள்ள காப்பீட்டு மருத்துவர் பார்ப்பார். முடியாததை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார், பாபநாசம் பக்கத்தவர்களுக்கு அது திருச்சி. அங்கேயும் இல்லாத சிகிச்சைக்கு ரெஃபரல் எழுதி, ஒப்பந்தம் செய்துள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இந்த வழியில் போனால் நோயாளி கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. பில் மருத்துவமனைக்கும் கழகத்துக்கும் இடையில் தீரும். பத்துக் கிலோமீட்டருக்குள் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி எதுவும் இல்லாதவர்கள் ரெஃபரல் இல்லாமலே ஒப்பந்த மருத்துவமனைக்கு நேரே போகலாம் என்று பின்னர் ஒரு தளர்வும் வந்தது. அங்கே படுக்கையில் சேர்க்க வேண்டியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் ஈ.எஸ்.ஐ. அதிகாரியிடம் அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை.

பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது இந்த வழியெல்லாம் அடைபட்டபோது மட்டும் உள்ள பின்வாசல். ஈ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறைகளின் 96-ஏ பிரிவு அதற்கு இடம் தருகிறது. கழகம் வகுத்த சூழ்நிலைகளில், வகுத்த நிபந்தனைகளோடு என்பது அதன் சாரம். நடைமுறையில் அது பெரும்பாலும் உயிர் அவசரத்தைக் குறிக்கும். ‘அந்த ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரி, அதனால் போனேன்’ என்பது எடுபடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் தொகையும் கற்பனை, விதிகள் உண்மை. பாபநாசத்து ரைஸ்மில்லில் பாய்லர் பார்க்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரர். மூன்று ஆண்டு வேலை, சம்பளம் 15,000. ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி. ஆலை வண்டியிலேயே பக்கத்து நகரத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அது ஒப்பந்தத்தில் இல்லாத மருத்துவமனை. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். பில் 1,84,000 ரூபாய்: சிகிச்சைக் கட்டணம் 1,10,000, ஸ்டென்ட் 38,000, மருந்து 21,000, தனி அறைக்குக் கூடுதலாக 12,000, உடனிருந்தவர் சாப்பாடும் சில்லறையும் 3,000.

திரும்பக் கிடைப்பது கட்டிய தொகையில்லை. மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் கட்டணப் பட்டியல், உண்மைச் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அது. அந்தப் பட்டியலில் பெரும்பாலான அறுவைகளுக்கு ‘பேக்கேஜ்’ தொகை போட்டிருக்கும். சேர்ந்த நாள் முதல் வெளியேறும் நாள் வரை அறை, மருத்துவர், அரங்கு, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். பேக்கேஜ் 75,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,10,000க்குப் பதில் 75,000தான். மருந்துக்கான 21,000 ஏற்கெனவே பேக்கேஜுக்குள் இருப்பதால் தனியாக வராது. ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரி முதல் மத்திய அரசு உச்ச விலை விதித்திருக்கிறது. அதனால் அது தனி வரியாகச் சரிபார்க்கப்படும். அனுமதித்த விலை 35,000 என்று கொண்டால் அது கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. உரிமை பொது வார்டுக்குத்தான் என்பதால் தனி அறைச் செலவு போச்சு. சாப்பாடும் போச்சு. மொத்தம் 1,10,000 வரும், 74,000 கையைக் கடிக்கும். ஒப்பந்த மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பியிருந்தால் அந்த 74,000 பூஜ்யமாகியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை யார் யோசிப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. எந்த மருத்துவமனை ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று ஆலைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் ஓட்டுநருக்காவது தெரிந்திருக்கும்.

பணம் கேட்கும் வேலை, படுக்கையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். மறுநாள் காலையிலேயே வீட்டார் ஒருவர் டிஸ்பென்சரிக்குப் போய்த் தகவல் சொல்லி, சொன்னதற்கு அடையாளமாக ஒரு கடித நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் ‘இது அவசரமா?’ என்று யாராவது கேட்டால் அந்தத் தேதி பதில் சொல்லும். டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்ந்த மணி நேரம் எழுதியிருக்கிறதா, ‘எமர்ஜென்சி’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சிகிச்சையளித்த மருத்துவரிடம் தனி அவசரச் சான்று வாங்க வேண்டும். பில்லும் ரசீதும் அசலாக, ஒவ்வொன்றிலும் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையுமாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒருவரி பில் செல்லாது. இனவாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். எந்தெந்த மருந்தும் பொருளும் சிகிச்சைக்குத் தேவைப்பட்டன என்று மருத்துவர் சான்றளிக்கும் அத்தியாவசியச் சான்று ஒன்று வேண்டும். ஸ்டென்ட் ஸ்டிக்கர் நகலும் அதன் விலைப்பட்டியலும் இதோடு சேரும்.

இவற்றோடு கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், வேலையில் இருக்கிறார் என்று ஆலை தரும் கடிதம் ஆகியவற்றை வைத்து டிஸ்பென்சரியில் கொடுத்தால் காப்பீட்டு மருத்துவர் பரிந்துரையோடு மேலே அனுப்புவார். தமிழ்நாட்டில் டிஸ்பென்சரிகளை நடத்துவது மாநில அரசின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் (ஈ.எஸ்.ஐ.) இயக்ககம். கோப்பு மண்டல நிர்வாக மருத்துவ அலுவலர் வழியாகப் போகும். பெரிய தொகையென்றால் இன்னும் மேலே ஏறும். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு செட் நகலெடுத்து வைத்துக்கொள்வது பழகியவர்கள் செய்யும் முதல் வேலை. அசல் ஒருமுறை உள்ளே போனால் திரும்ப வராது.

திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலும் பெரிய காரணம் இருக்காது. ஆதாரில் இன்ஷியல் முன்னால், கார்டில் பின்னால். பில்லில் வயது 42, சம்மரியில் 45. இவற்றுக்கு ஆலையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ ஒரு திருத்தக் கடிதம் வாங்கி, மறுபடி அனுப்பினால் போதும். மறுத்த காரணத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாக ‘ஆகாது’ என்று சொல்லப்பட்டதை எதிர்த்து எங்கும் போக முடியாது.

மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால் அதற்கு எதிராகச் சொல்ல ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2018 ஏப்ரல் 13 அன்று சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனதைக் காட்டிக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்றது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, ஆவணங்கள் அதைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி என்றும் சொன்னது. அது சி.ஜி.எச்.எஸ். ஓய்வூதியர் ஒருவரின் வழக்கு, ஈ.எஸ்.ஐ.க்கு அப்படியே கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாதத்துக்கு உதவும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சேவையில் குறை என்றால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்பதை 2007இல் கிஷோர் லால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பாய்லர்காரருக்கு இன்னொரு தொகையும் வர வேண்டியிருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அவர் 20 நாள் வேலைக்குப் போகவில்லை. ஆகஸ்ட், ஜூலை–டிசம்பர் பலன் காலத்தில் வருவதால், பார்க்க வேண்டியது முந்தைய அக்டோபர்–மார்ச் சந்தாக் காலத்தை. அந்த 182 நாளும் சந்தா இருக்கிறது, மொத்தச் சம்பளம் 90,000. ஒரு நாளுக்கு சுமார் 494 ரூபாய். அதில் 70 சதவீதம் 346. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது என்பதால் 18 நாளுக்குச் சுமார் 6,200 ரூபாய். இதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றுதான் வழக்கமான ஆதாரம். தனியார் மருத்துவமனையில் இருந்தவர் அங்குள்ள பதிவுகளைக் காட்டி, மாற்று ஆதாரமாக ஏற்கச் சொல்ல வேண்டும். இது டிஸ்பென்சரி வேலையில்லை, கழகத்தின் கிளை அலுவலகத்து வேலை. மருத்துவச் செலவு ஒரு ஜன்னல், சம்பளம் இன்னொரு ஜன்னல். முதலாளி சந்தா கட்டாமல் விட்டதால் நாள் குறைந்திருந்தால், கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கப் பழைய சட்டத்தின் 68ஆம் பிரிவில் வழி வைத்திருந்தார்கள். அந்த வழியில் போகச் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பதே வலுவான சான்று.

பதிவேட்டில் பெயரே இல்லாத மூட்டைக்காரருக்கு இந்த வழி எதுவும் இல்லை. வயல் வேலைக்குப் போகும் அவர் மனைவிக்கும் இல்லை. அவர்களிடம் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கார்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒப்பந்த மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, முன்அனுமதியோடு பணமில்லாமல் நடக்கும். சளிக் காய்ச்சலுக்கு அதில் இடமில்லை, பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகள்தான். முன்னால் பணம் கட்டிவிட்டுப் பின்னால் திரும்பக் கேட்கும் ஏற்பாடும் அதில் இல்லை. ஆகவே கவுன்டரில் முதல் ஆயிரம் ரூபாய் கட்டும் முன்பே கார்டை நீட்ட வேண்டும். வீட்டில் இரண்டு கார்டும் இருக்கும் குடும்பங்கள் எந்த மருத்துவமனையில் எதைக் காட்டுவது என்று குழம்புவது இதனால்தான்.

பதிவேட்டில் பெயர் இருந்தும் சீசனுக்கு மட்டும் வேலை பார்ப்பவருக்குச் செப்டம்பர் முதல் வாரம் முக்கியமானது. அப்போது உமங் செயலியைத் திறந்தால் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கட்டிய நாள்கள் தெரியும். ஆகஸ்ட் நாள்களைச் சம்பளச் சீட்டிலிருந்து கூட்டிக்கொள்ளலாம். மொத்தம் அறுபது என்றால், அடுத்த ஜனவரி–ஜூன் பலனுக்கு இன்னும் பதினெட்டு நாள் வேண்டும். செப்டம்பரில் நாள் இருக்கிறது, குறுவை நெல்லும் அந்த மாதக் கடைசியில்தான் வரும். மேஸ்திரியிடம் வேலையைக் கேட்டு வாங்குவதோடு, வேலை செய்த நாள் பதிவேட்டில் ஏறுகிறதா என்று அந்த மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.